முதல் இரண்டு வரி: அப்வொர்க் புரொபோசலை எதில் தொடங்குவது?

ஃப்ரீலான்சர்கள் இணையத்தில் வேலை பிடிக்கும் தளமான அப்வொர்க்கில் ஒரு கிளையன்ட் வேலையைப் பதிந்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது, அவர் முன் விரிவது ஒரு பட்டியல். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். அதில் படம், பெயர், தொழில் தலைப்பு, நாடு, கேட்கும் தொகை, இதுவரை ஈட்டியது, வேலை வெற்றி விகிதம் எல்லாம் இருக்கும். அவற்றின் கீழே, நாம் எழுதிய கவர் லெட்டரின் தொடக்கம் மட்டும் ஏறத்தாழ இரண்டு வரிக்குத் தெரியும். மீதியைப் படிக்க அவர் கட்டத்தைத் தொட்டுத் திறக்க வேண்டும். போனில் பார்ப்பவருக்கு அந்த இரண்டு வரியும் இன்னும் குறுகும்.

நானும் இந்தச் சந்தையில் வேலை செய்கிறேன், அவ்வப்போது ஆள் எடுக்கவும் செய்கிறேன். ஆள் எடுக்கும்போது எல்லாக் கடிதங்களையும் யாரும் திறப்பதில்லை. பட்டியலை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போவோம், சிலதைத் திறப்போம், சிலதைத் தூக்கி ஒதுக்குவோம். பெரும்பாலானவை திறக்கவும் படாமல், ஒதுக்கவும் படாமல் அப்படியே கிடக்கும். கடிதத்தின் நான்காவது பத்தியில் நீங்கள் எழுதிய அருமையான விஷயம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே அடங்கிப் போகும்.

இதற்குக் காசும் போகிறது. விண்ணப்பிக்கக் கனெக்ட் என்ற டோக்கன்களைச் செலவிட வேண்டும், ஒரு கனெக்ட் 15 சென்ட். ஒரு வேலைக்கு 12 கனெக்ட் கேட்டால் 1.80 டாலர். பட்டியலின் உச்சியில் இடம் பிடிக்க ஏலத்தில் கூடுதல் கனெக்ட் வைத்தால் செலவு இன்னும் ஏறும். அந்த ஏலம் உங்கள் கட்டத்தை மேலே கொண்டுபோய் வைக்கும், அதோடு சரி. அங்கே தெரியப்போவதும் அதே இரண்டு வரிதான்.

அந்த இரண்டு வரியில் என்ன வைக்கலாம் என்பதில் நம் முன் சில வழிகள் இருக்கின்றன: நம்மை அறிமுகப்படுத்தலாம், அவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லலாம், அவருடைய சிக்கலில் நாம் கண்டதைச் சொல்லலாம், இதே வேலையை முன்பு செய்ததைச் சொல்லலாம், ஒரு கேள்வி கேட்கலாம். இவற்றில் எது எப்போது பொருந்தும் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கடிதங்கள் ஆங்கிலத்தில்தான் போகும். அவற்றின் வரிகளை இங்கே தமிழில் தருகிறேன்.

எல்லா வழிகளையும் உரசிப் பார்க்க ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஒரு சிறு இணையக் கடை, வேர்ட்பிரஸின் கடை பிளகினான வூகாமர்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு இப்படி: “எங்கள் செக்அவுட் பக்கம் மிகவும் மெதுவாக இருக்கிறது. கேஷிங் பிளகின் போட்டும் பயனில்லை. வாடிக்கையாளர்கள் பாதியிலேயே போய்விடுகிறார்கள். அனுபவமுள்ளவர் சரிசெய்து தர வேண்டும்.” கடையின் முகவரி கொடுத்திருக்கிறார்கள். 300 டாலர், நிலையான தொகை. வந்திருக்கும் புரொபோசல்கள் “20 முதல் 50 வரை” என்று காட்டுகிறது.

அறிமுகமும் எதிரொலியும்

அதிகம் பேர் எழுதுவது இந்த இரண்டையும்தான். முதலாவது: “வணக்கம், நான் ஏழு ஆண்டு அனுபவமுள்ள வேர்ட்பிரஸ் டெவலப்பர். வூகாமர்ஸ், ஷாப்பிஃபை, பிஎச்பி ஆகியவற்றில் நிபுணத்துவம் உண்டு.” இரண்டாவது: “உங்கள் பதிவை முழுமையாகப் படித்தேன். உங்கள் வூகாமர்ஸ் கடையின் செக்அவுட் வேகத்தைக் கூட்ட ஒருவர் தேவை என்பது புரிகிறது.”

இரண்டிலும் பொய்யில்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் முதலாவதில் உள்ள எல்லாமே பட்டியலில் அந்த வரிக்கு மேலேயே இருக்கிறது. உங்கள் தலைப்பு “வேர்ட்பிரஸ் டெவலப்பர்” என்று சொல்லிவிட்டது. ஈட்டிய தொகையும் வெற்றி விகிதமும் உங்கள் அனுபவத்தைச் சொல்லிவிட்டன. கிடைத்த இரண்டு வரியையும் அதே சேதிக்கே கொடுத்தால் கிளையன்ட்டுக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. இரண்டாவதில் இருப்பது அவரே எழுதிய வாசகம். முப்பது கட்டங்களில் இருபதில் தன் சொற்களையே திரும்பத் திரும்பப் பார்க்கிறவருக்கு, யார் உண்மையில் படித்தார், யார் பதிவின் தலைப்பை வெட்டி ஒட்டினார் என்று பிரித்தறிய வழியே இல்லை.

அதனால்தான் சில கிளையன்ட்கள் பதிவின் நடுவில் ஒரு பொறி வைக்கிறார்கள்: “கடிதத்தை ‘நீலம்’ என்ற சொல்லோடு தொடங்குங்கள்” என்பது மாதிரி. பதிவைக் கடைசிவரை படித்தவரைப் பிரித்தெடுக்க அதுவே போதும் என்கிற நிலை. அப்படிக் கேட்டிருந்தால் அந்தச் சொல்லை முதலில் வைத்துவிட்டு, அடுத்த சொல்லிலேயே விஷயத்துக்குப் போய்விடுங்கள். “நீங்கள் கேட்டபடி ‘நீலம்’ என்று எழுதியிருக்கிறேன், அதிலிருந்தே நான் கவனமாகப் படிப்பவன் என்று தெரியும்” என்று நீட்டினால் கிடைத்த இடம் அதிலேயே தீர்ந்துவிடும்.

அறிமுகம் வெல்லும் இடமும் உண்டு. நீங்கள் யார் என்பதே வேலையின் நிபந்தனையாக இருக்கும்போது அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கனடாவில் ஒரு மருத்துவமனைத் துண்டறிக்கையைத் தமிழாக்க ஆள் தேடுகிறார்கள், படிக்கப்போகிறவர்கள் ஈழத்திலிருந்து போன முதியவர்கள் என்று பதிவில் தெரிகிறது என்றால், “நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள், உங்கள் நோயாளிகள் வீட்டில் பேசும் தமிழ் என்னுடையது” என்பது மிக வலுவான தொடக்கம். மதுரைக்காரர் ஒருவர் அதே வேலைக்கு எத்தனை ஆண்டு மொழிபெயர்ப்பு அனுபவத்தை எழுதினாலும் இந்த வரிக்கு ஈடாகாது. நம் கடை வேலையில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. செக்அவுட் வேகமாக வேண்டும், யார் செய்தாலும் சரி.

எதிரொலிக்கு விலக்கு இன்னும் சிறியது. பதிவு நீளமாக, குழப்பமாக, ஐந்தாறு தொல்லைகளை ஒரே மூச்சில் கொட்டியதாக இருந்தால், அதை அடுக்கிக் கொடுப்பது உதவிதான். “நீங்கள் எழுதிய ஐந்தில் மூன்று ஒரே காரணத்தால் வருகின்றன” என்று தொடங்கினால் கிளையன்ட் நிச்சயம் திறப்பார். அந்த வரி அவர் சொன்னதோடு நிற்காமல் அவருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறது, அதனால் அது அடுத்த வகையில் சேர்ந்துவிடுகிறது.

கண்டதைச் சொல்வது

என் கணிப்பில், பார்க்க ஏதாவது இருக்கும் எந்த வேலைக்கும் இதுதான் முதல் தேர்வு. பதிவில் ஒரு இணைப்பு, ஒரு ஸ்கிரீன்ஷாட், ஒரு மாதிரிக் கோப்பு இருந்தால் அதைத் திறந்து பார்த்து, கண்டதில் ஒன்றை முதல் வரியில் வைப்பது.

இதிலும் எளிதாக விழக்கூடிய குழி ஒன்று உண்டு. பலரும் கடையின் முகவரியைப் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் போட்டு, “உங்கள் தளத்தின் மொபைல் மதிப்பெண் 34தான்” என்று தொடங்குகிறார்கள். நோய் கண்டறிந்தது போலத் தோன்றும். ஆனால் அந்தக் கருவி எந்தத் தளத்துக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கும், பார்க்க அரை நிமிடம் ஆகும், கிளையன்ட்டே பலமுறை பார்த்திருப்பார். நம் பதிவுக்கு அது பொருத்தமும் இல்லை. அவர் முகப்புப் பக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டது செக்அவுட். கூடையில் பொருள் இல்லாமல் அந்தக் கருவியால் செக்அவுட் பக்கத்துக்குள் போகவே முடியாது.

வேலை தெரிந்தவர் என்ன செய்வார் என்று பார்ப்போம். பதிவிலேயே ஒரு துப்பு இருக்கிறது: கேஷிங் பிளகின் போட்டும் பயனில்லை. ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கூடை, செக்அவுட், என் கணக்கு ஆகிய பக்கங்கள் ஆளுக்கு ஆள் மாறுபவை என்பதால் அவற்றைக் கேஷில் சேர்க்கவே கூடாது என்பதுதான் வூகாமர்ஸ் விதி. நல்ல கேஷிங் பிளகின்கள் தாமாகவே அவற்றை விலக்கிவிடும். அப்படியானால் தாமதம் சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யும் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறது.

அடுத்து கடைக்குப் போய் ஒரு பொருளைக் கூடையில் போட்டு, செக்அவுட் பக்கத்தைத் திறந்து, குரோமின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைப் பார்க்க வேண்டும். பழைய வகை செக்அவுட்டில் முகவரியையோ அஞ்சல் குறியீட்டையோ மாற்றினால் இப்படி ஒரு அழைப்பு சர்வருக்குப் போகும்:

```
/?wc-ajax=update_order_review
```

அது முடியும்வரை மொத்தத் தொகைப் பகுதி மங்கிக் கிடக்கும். நம் கடையில் அது ஒவ்வொரு முறையும் நாலரை விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே இன்னொரு சோதனை: நாட்டை இங்கிலாந்திலிருந்து வேறொன்றுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக்கு ஒரே நிலையான அனுப்புக் கட்டணம் வைத்திருக்கிறார்கள், அங்கே அதே அழைப்பு அரை விநாடியில் முடிகிறது. இங்கிலாந்து முகவரிக்கு மட்டும் தாமதம். அப்படியென்றால் சந்தேகம் போக வேண்டிய இடம், உள்நாட்டுக் கட்டணத்தைக் கூரியர் நிறுவனத்தின் சர்வரிடம் நேரடியாகக் கேட்டு வாங்கும் பிளகின். ஆர்டர் போடத் தேவையில்லை, கடையில் எதையும் தொடவும் இல்லை. மொத்தமும் பத்துப் பதினைந்து நிமிட வேலை.

இப்போது இதை எப்படி எழுதுவது? டெவலப்பரின் கை இயல்பாக எழுதுவது இது: “உங்கள் தளத்தில் `update_order_review` அழைப்பின் மறுமொழி நேரம் அதிகமாக உள்ளது.” உண்மைதான், ஆனால் கடைக்காரருக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது. அவர் தினமும் கண்ணால் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும்:

“உங்கள் செக்அவுட்டில் அஞ்சல் குறியீட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் நாலரை விநாடி நிற்கிறது, வெளிநாட்டு முகவரி கொடுத்தால் அரை விநாடிதான். கூரியர் கட்டணத்தைக் கேட்டு வாங்கும் இடத்தில்தான் சிக்கல் இருக்கும் என்று நினைக்கிறேன்.”

பட்டியலில் முதல் வாக்கியம் தெரிந்தாலே போதும். அதை வாசிப்பவருக்கு மூன்று சேதி போகிறது: இவர் என் கடைக்கு வந்து பார்த்திருக்கிறார், நான் சொன்ன தொல்லையையே பார்த்திருக்கிறார், எனக்குத் தெரியாத ஒன்றைக் கண்டிருக்கிறார். வணக்கத்தை விட்டுவிட்டேன் என்பதைக் கவனியுங்கள். முந்தைய ஃப்ரீலான்சர்கள் எழுதிய பின்னூட்டங்களில் கிளையன்ட்டின் பெயர் தெரிந்தால், அதை மட்டும் முன்னால் போட்டுக் காற்புள்ளி வைக்கலாம். ஆனால் பின்னூட்டத்தில் இரண்டு மூன்று வேறு பெயர்கள் வந்தால் அந்தக் கணக்கைப் பலர் கையாள்கிறார்கள் என்று பொருள். அப்போது பெயரை விட்டுவிடுவதே நல்லது.

“இருக்கும் என்று நினைக்கிறேன்” என்பது வேண்டுமென்றே போட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அறிகுறி தெரியும், காரணம் உறுதியாகாது. சர்வருக்குள் போய், குவெரி மானிட்டர் பிளகினில் வெளிச்சர்வர்களுக்குப் போகும் அழைப்புகளின் பட்டியலைப் பார்த்தால்தான் உறுதி சொல்ல முடியும். அதையே கடிதத்தின் இரண்டாவது பத்தியாக வைக்கலாம்: முதல் நாளில் இதைப் பார்ப்பேன், என் கணிப்பு சரியென்றால் கட்டணத்தைச் சில மணி நேரம் சேமித்து வைக்கும்படி மாற்றுவேன், தவறென்றால் அந்தப் பட்டியலே உண்மைக் காரணத்தைக் காட்டிவிடும். உறுதியாகச் சொல்லிவிட்டுப் பிறகு தவறாகிப் போனால், வேலை கிடைத்த பிறகும் நம்பிக்கை போகும்.

இந்த வழிக்கு மூன்று இடங்களில் அடி விழும். முந்தைய டெவலப்பரைக் குறை சொல்லும் தொனி ஒன்று. “இதை அமைத்தவருக்கு வூகாமர்ஸ் தெரியவில்லை” என்று எழுதினால், சிறு கடைகளில் அதை அமைத்தது பெரும்பாலும் கடைக்காரரேதான். இரண்டாவது, கேட்காத குறையைக் கண்டுபிடிப்பது. அவர் செக்அவுட் பற்றிக் கேட்க, நீங்கள் முகப்புப் படங்களின் அளவைப் பற்றித் தொடங்கினால் அவர் சிக்கலை நீங்கள் பார்க்கவில்லை என்றுதான் படும். மூன்றாவது, மொத்தத் தீர்வையும் எழுதிக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம். இதில் நான் கவலைப்படுவதில்லை. எங்கே வலிக்கிறது என்று சொல்லலாம், எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று எழுதத் தேவையில்லை. அந்த இடத்தைத் தெரிந்துகொண்டு தானே சரிசெய்துகொள்ளக்கூடிய கிளையன்ட் 300 டாலருக்குப் பதிவு போட்டிருக்க மாட்டார்.

செய்ததைச் சொல்வது

எல்லா வேலையிலும் பார்க்க ஏதாவது கிடைப்பதில்லை. “மேஜெண்டோவில் இருக்கும் எங்கள் கடையை வூகாமர்ஸுக்கு மாற்ற வேண்டும், சுமார் ஆறாயிரம் பொருட்கள்” என்று மட்டும் எழுதி, கடைப் பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். இங்கே நோய் கண்டறிய முடியாது. அடுத்த நல்ல தேர்வு, இதே போன்ற வேலையைச் செய்த அனுபவம்.

ஆனால் “இதுபோன்ற பல வேலைகளை வெற்றிகரமாக முடித்திருக்கிறேன்” என்று எழுதினால் மறுபடி அறிமுகத்துக்கே வந்துவிடுவோம். செய்தவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு தொல்லையை அந்த வரி சுமக்க வேண்டும். இப்படி ஒரு தொடக்கத்தைப் பாருங்கள்:

“மேஜெண்டோவிலிருந்து மாறும்போது பொருட்கள் எளிதாக வந்துவிடும், மாட்டிக்கொள்வது உங்கள் வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள். கடந்த முறை நான் மாற்றிய கடையில் அதை எப்படிச் சமாளித்தேன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.”

இது வெறும் மிரட்டல் இல்லை. மேஜெண்டோ கடவுச்சொற்களைச் சேமிக்கும் ஹாஷ் முறையும் வேர்ட்பிரஸின் முறையும் வேறு. ஹாஷிலிருந்து பழைய கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்கவும் முடியாது. எனவே, கணக்குகளை அப்படியே நகர்த்தினால் மாறிய மறுநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவராலும் உள்ளே நுழைய முடியாது. எல்லோருக்கும் புதிய கடவுச்சொல் வைக்கும்படி மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், அல்லது முதல் நுழைவின்போது பழைய ஹாஷைச் சரிபார்த்துப் புதிய முறைக்கு மாற்றும் ஒரு சிறு நிரல் எழுத வேண்டும். மாற்றத்தைச் செய்து பார்த்தவருக்கு இது ஞாபகத்தில் தழும்பாகவே இருக்கும். செய்யாதவர் கடிதத்தில் இது வராது. கிளையன்ட் இதை யோசிக்காமல் இருந்திருந்தால் நிச்சயம் திறந்து படிப்பார். யோசித்திருந்தால், முப்பது பேரில் அதைச் சொன்ன ஒருவரை விடமாட்டார்.

ஒரு வேலையைச் செய்தே இராதவர் இந்த வழியைத் தொடக் கூடாது. முதல் வரியில் இல்லாத அனுபவத்தைச் சொன்னால், பேச்சுவார்த்தையில் வரும் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்படும். புதியவர்களுக்கு நான் சொல்வது, இணைப்பு கொடுத்திருக்கும் வேலைகளை மட்டும் தேடிப் பிடியுங்கள் என்பதே. கண்டதைச் சொல்வதற்குப் பழைய கிளையன்ட்கள் தேவையில்லை, பின்னூட்டங்கள் தேவையில்லை, உங்களுக்குத் தொழில் தெரிந்தால் போதும். நட்சத்திரம் ஒன்றுகூட இல்லாத ஒருவர் நூறு வேலை முடித்தவரை முந்தக்கூடிய ஒரே இடமும் அதுதான்.

பார்க்க ஒன்று இருக்கிறது, செய்த அனுபவமும் இருக்கிறது என்றால்? இரண்டையும் இரண்டு வரிக்குள் திணிக்க ஆசை வரும். கண்டதை முதலில் வையுங்கள், அனுபவம் அடுத்த பத்தியில் வரட்டும். நீங்கள் வேறொருவருக்குச் செய்ததைவிட, தன் கடையில் நடப்பதைப் பற்றித்தான் எந்தக் கிளையன்ட்டுக்கும் ஆர்வம் அதிகம்.

கேள்வியில் தொடங்குவது

கேள்வியோடு தொடங்கினால் பதில் வரும் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி சரி. எந்தக் கேள்வி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

“எப்போது பேசலாம்?”, “வேலையைப் பற்றி இன்னும் விவரம் தர முடியுமா?” என்பவை கிளையன்ட்டின் தலையில் வேலையை ஏற்றுகின்றன. இன்னும் யாரையும் தேர்ந்தெடுக்காத நிலையில், முப்பது பேருக்கு விவரம் எழுத அவருக்கு நேரம் இருக்காது. “உங்கள் பட்ஜெட் எவ்வளவு?” என்பதற்குப் பதில் பதிவிலேயே இருக்கிறது.

நல்ல கேள்விக்கு இரண்டு கிளை இருக்கும். ஒவ்வொரு கிளையிலும் வேலை எப்படி மாறும் என்பதும் அதிலேயே தெரியும். மேஜெண்டோ வேலைக்கே ஒன்று: “பழைய ஆர்டர்களும் புதிய கடையில் வர வேண்டுமா, அல்லது பொருட்களும் வாடிக்கையாளர்களும் போதுமா? ஆர்டர்களும் வேண்டுமென்றால் வேலை ஏறத்தாழ இரண்டு மடங்காகும்.” இதற்குப் போனிலிருந்து ஒரே சொல்லில் பதில் தரலாம். கேட்டவருக்கு வேலையின் அளவு தெரியும் என்பதும் அதிலிருந்து புரிகிறது. கிளையன்ட் யோசிக்காத செலவு ஒன்றை முன்கூட்டியே கண்ணில் காட்டுகிறது.

கண்டதைச் சொல்லவும் முடியாமல், செய்ததைச் சொல்லவும் இல்லாமல், ஆனால் வேலையின் உள்கட்டமைப்பு தெரிந்திருக்கும்போது இது கைகொடுக்கும். தொழில்நுட்பம் தெரியாத கிளையன்ட்டிடம் மட்டும் கவனம் வேண்டும். நம் இங்கிலாந்துக் கடைக்காரரிடம் “உங்கள் செக்அவுட் பிளாக் வகையா, ஷார்ட்கோட் வகையா?” என்று தொடங்கினால் அவருக்குத் தெரியாது, தெரியாததைக் காட்டிக்கொள்ளவும் பிடிக்காது, அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். அவர் பதிவு எந்த மொழியில் பேசுகிறது என்று பாருங்கள். பிளகின் பெயர்களோடு எழுதியிருந்தால் தொழில்நுட்பக் கேள்வி கேட்கலாம். “மெதுவாக இருக்கிறது” என்று மட்டும் எழுதியிருந்தால் கேட்க வேண்டாம், போய்ப் பாருங்கள்.

“உடனே தொடங்கத் தயார்” என்ற தொடக்கத்தையும் சிலர் வைக்கிறார்கள். தளமே விழுந்து கிடக்கும் அவசர வேலைக்கு அது சரி, அதுவும் பதிவு வந்த சில நிமிடங்களில் அனுப்பினால். மற்ற வேலைகளுக்கு அந்த வரி எதையும் சேர்ப்பதில்லை.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

அப்வொர்க்கின் மை ஸ்டாட்ஸ் பக்கத்தில் அனுப்பியவை, பார்க்கப்பட்டவை, பேச்சுவார்த்தைக்கு வந்தவை, கிடைத்தவை என்று தனித்தனியே எண்ணிக்கை இருக்கும். முதல் வரியின் வேலை “பார்க்கப்பட்டவை” என்ற எண்ணோடு முடிகிறது. அனுப்பியதில் மிகக் குறைவானவையே பார்க்கப்பட்டிருந்தால் பழுது பட்டியலில் தெரியும் பகுதியில் இருக்கிறது: தொடக்க வரி, தலைப்பு, படம், கேட்கும் தொகை. பலவும் பார்க்கப்பட்டு, பேச்சு மட்டும் வரவில்லையென்றால் தொடக்கத்தை மாற்றிப் பயனில்லை. கடிதத்தின் உடலையோ புரொஃபைலையோ பார்க்க வேண்டும்.

இந்த எண்ணைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சில பதிவுகளைப் போட்ட கிளையன்ட் திரும்பி வருவதே இல்லை. வேலைப் பக்கத்தில் “கிளையன்ட் கடைசியாகப் பார்த்தது” என்ற வரி இருக்கும். நீங்கள் அனுப்பியதற்குப் பிறகு அவர் வரவே இல்லையென்றால் அது உங்கள் வரியின் குற்றமல்ல, அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வந்திருக்கிறார், சிலரோடு பேசிக்கொண்டும் இருக்கிறார், உங்களுடையதைத் திறக்கவில்லை என்ற வேலைகளை மட்டும் எடுத்து, அந்தக் கடிதங்களின் முதல் இரண்டு வரியை வரிசையாக வெட்டி ஒரு பக்கத்தில் ஒட்டிப் படியுங்கள். அதில் எந்த வரியை வேறொரு வேலைக்கு ஒரு சொல்கூட மாற்றாமல் அனுப்ப முடியுமோ, அந்த வரிதான் திறக்கப்படாமல் கிடந்திருக்கும்.

வழியை மாற்றிச் சோதிக்கும்போது அதே வாரம் கேட்கும் தொகையையும் தலைப்பையும் மாற்றிவிடாதீர்கள், எதனால் மாறியது என்று தெரியாமல் போகும். நான்கைந்து கடிதங்களை வைத்து முடிவு கட்டவும் முடியாது, ஒரு கிளையன்ட்டின் மனநிலையே அந்த எண்ணைப் புரட்டிப் போட்டுவிடும்.

கண்டதைச் சொல்லும் வழிக்கு ஒரு கடிதத்துக்குப் பதினைந்து நிமிடம் போகிறதே, ஒரு நாளில் எத்தனை அனுப்ப முடியும் என்று கேட்கலாம். மூன்று, மிஞ்சினால் நான்கு. அதற்கேற்பப் பதிவுகளைப் பொறுக்க வேண்டியதுதான். “50க்கும் மேல்” என்று காட்டுவதையும், கிளையன்ட் ஏற்கெனவே பலரோடு பேசிக்கொண்டிருப்பதையும் நான் விட்டுவிடுவேன். இணைப்பும் இல்லாமல், விவரமும் இல்லாமல், “நல்ல வேர்ட்பிரஸ் டெவலப்பர் தேவை” என்று ஒற்றை வரியில் வரும் பதிவையும் விட்டுவிடுவேன். அதில் கண்டுபிடிக்கவும் ஒன்றுமில்லை, கிளை பிரித்துக் கேட்கவும் ஒன்றுமில்லை. அங்கே அறிமுகம் மட்டும்தான் எழுத முடியும், அறிமுகத்துக்கு 1.80 டாலர் அதிகம்.